நிரம்பிய பேட்டரி, நகராத கார்

2015 வாக்கில் வரிச்சலுகை கிடைத்தபோது இலங்கையில் ஏராளமாக வந்திறங்கிய மின்கார் நிசான் லீஃப். அப்படி ஒரு பழைய லீஃப் வைத்திருக்கும் கொழும்புக்காரர் ஒருவர் யாழ்ப்பாணத்துக்கு இரண்டு வாரம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். புறப்படும் முந்தைய இரவு வண்டியை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டுத்தான் போனார். திரும்பி வந்து பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்துகிறார். டேஷ்போர்டில் மஞ்சளும் சிவப்புமாக விளக்குகள் வரிசையாக எரிகின்றன: பிரேக், ஏபிஎஸ், ஸ்டியரிங், மின் அமைப்பில் கோளாறு. வண்டிக்கு அடியில் எங்கோ 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம். வண்டி கிளம்பத் தயார் என்று காட்டும் READY மட்டும் வரவே இல்லை. சார்ஜ் காட்டும் கட்டங்கள் ஒரு கணம் முழுதாகத் தெரிந்து, பிறகு திரையே அணைந்துபோகிறது.

பல லட்ச ரூபாய் பேட்டரி போய்விட்டது என்று அவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். சார்ஜர் வயரைக் கொண்டுவந்து செருகிப் பார்ப்பார். அதிலும் விளக்கு எரியாது. ஆனால் பெரிய பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. 24 கிலோவாட்-மணிக்கென்று செய்த அந்தப் பேட்டரியில் ஏற்றிய மின்சாரம் அப்படியே உள்ளே இருக்கிறது. இறங்கிப்போனது பானட்டுக்குள் இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி. பெட்ரோல் காரில் இருக்கிற அதே ஈய-அமில வகைதான்.

மின்காரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பெரிய பேட்டரியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நடுவழியில் நிற்கும் மின்கார்களைப் பார்க்கப் போகிறவர்கள் வேறு கதை சொல்கிறார்கள். ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி ஆண்டுதோறும் வெளியிடும் பழுதுக் கணக்கில், மின்காரிலும் நின்றுபோவதற்கு முதல் காரணம் இந்த 12 வோல்ட் பேட்டரிதான்.

இவ்வளவு பெரிய மின்கிடங்கைச் சுமக்கும் வண்டிக்கு இந்தச் சின்னப் பெட்டி எதற்கு? விளக்கு, வைப்பர், கண்ணாடி ஏற்றும் மோட்டார், ஏர்பேக், டஜன் கணக்கான கட்டுப்பாட்டுக் கணினிகள் எல்லாம் 12 வோல்ட்டில் ஓடுபவை. கார்த் தொழில் பல பத்தாண்டுகளாக அப்படித்தான் உதிரிபாகங்கள் செய்கிறது. இது முதல் காரணம், ஆனால் சின்னக் காரணம். பெரிய காரணம் பாதுகாப்பு.

லீஃபின் பெரிய பேட்டரியில் 96 ஜோடி மின்கலங்கள் தொடராக இணைந்திருக்கின்றன. முழுச் சார்ஜில் அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய 390 வோல்ட். நேர்மின்னோட்டத்தில் 60 வோல்ட்டுக்கு மேல் போனாலே அதைத் தொடக்கூடாத அழுத்தமாகக் கருதுவது வாகனத் துறையின் வழக்கம். அதனால் வண்டி நிற்கும்போது அந்த 390 வோல்ட் பேட்டரிப் பெட்டியைத் தாண்டி வெளியே வரவே கூடாது. பெட்டிக்குள்ளேயே நேர்முனையிலும் எதிர்முனையிலும் கான்டாக்டர் எனப்படும் கனத்த ரிலேக்கள் இருக்கின்றன. ஸ்பிரிங் அவற்றை எப்போதும் திறந்தே வைத்திருக்கும். சுருளில் 12 வோல்ட் பாயும்போது மட்டும் காந்தம் இழுத்து மூடும். 12 வோல்ட் நின்ற கணமே ஸ்பிரிங் திறந்துவிடும்.

விபத்து நடந்தால் இந்த ஏற்பாட்டின் அருமை புரியும். ஏர்பேக் வெடித்தவுடன் கட்டுப்பாட்டுக் கணினி கான்டாக்டர்களுக்குப் போகும் 12 வோல்ட்டைத் துண்டிக்கிறது. பெரிய பேட்டரி தனித்துப்போகிறது. மீட்புக்கு வரும் தீயணைப்பு வீரர் முதலில் வண்டியை அணைப்பார், பிறகு 12 வோல்ட் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுவார். சில வண்டிகளில் அவர் வெட்டுவதற்கென்றே குறியிட்ட மெல்லிய வயர் ஒன்று உண்டு. 12 வோல்ட்டைக் கொன்றால் 390 வோல்ட்டும் சேர்ந்து அடங்கும். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் தங்கிய மின்சாரம் வடிய லீஃபுக்கு 10 நிமிடம் காத்திருக்கச் சொல்கிறது நிறுவனத்தின் கையேடு.

ஆக, இடிபாட்டிலிருந்து ஆளைக் காப்பாற்றும் அதே ஏற்பாடுதான் கொழும்புக்காரரை வாசலிலேயே நிறுத்தி வைத்தது. பத்தாயம் நிறைய நெல் இருக்கிறது, சாவி மட்டும் இல்லை. 12 வோல்ட் பேட்டரி விபத்தில் செத்ததா, வாசலில் நின்று நின்று செத்ததா என்று கான்டாக்டருக்குத் தெரியாது.

சரி, கான்டாக்டர் மூடினால் பிறகு என்ன ஆகும்? பெட்ரோல் காரில் என்ஜின் சுற்றும்போது ஆல்டர்னேட்டர் 12 வோல்ட் பேட்டரியை ஏற்றும். மின்காரில் அந்த வேலையை டிசி-டிசி கன்வெர்ட்டர் என்ற பெட்டி செய்கிறது. 390 வோல்ட்டை வாங்கி, 13 முதல் 14.5 வோல்ட் வரை இறக்கிக் கொடுக்கும். ஆனால் கான்டாக்டர் மூடிய பிறகுதான் அதற்கு வாங்கவே முடியும். கான்டாக்டர் மூட 12 வோல்ட் வேண்டும். 12 வோல்ட் வர கான்டாக்டர் மூட வேண்டும். இந்தச் சுழற்சியை ஒவ்வொரு முறையும் தொடங்கி வைப்பதுதான் சின்ன பேட்டரியின் முதல் கடமை. வீட்டுச் சார்ஜரைச் செருகியும் பயனில்லாமல் போனதும் இதனால்தான். உள்ளே இருக்கும் சார்ஜிங் கணினி விழித்து 'மின்சாரம் கொடு' என்று கேட்க வேண்டும், அதுவும் 12 வோல்ட்டில்தான் விழிக்கும்.

அந்த 'டக் டக்' சத்தத்துக்கும் இதில் விளக்கம் இருக்கிறது. கான்டாக்டர்கள் ஒரே அடியாக மூடுவதில்லை. இன்வெர்ட்டரின் வெறுமையான கெப்பாசிட்டர் மீது 390 வோல்ட்டை நேரடியாகக் கொட்டினால் ஒரு கணத்துக்கு மிகப் பெரிய மின்னோட்டம் பாய்ந்து, முனைகள் தீப்பொறியில் பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கான்டாக்டர் திறக்காது, பாதுகாப்பே போய்விடும். அதனால் முதலில் எதிர்முனைக் கான்டாக்டர் மூடும். அடுத்து ஒரு தடையின் வழியாக மின்சாரத்தை மெல்ல விடும் சின்ன ரிலே மூடி, நொடியின் ஒரு பகுதிக்குள் கெப்பாசிட்டரை நிரப்பும். இரு பக்கமும் அழுத்தம் ஏறக்குறைய சமமானதும் நேர்முனைக் கான்டாக்டர் மூடும். நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் காது வைத்துக் கேட்டால் இரண்டு மூன்று தெளிவான 'டக்' கேட்கும். பேட்டரி தளர்ந்த வண்டியிலோ முதல் சுருள் இழுத்தவுடன் அழுத்தம் சரியும், ஸ்பிரிங் திறக்கும். சுமை குறைந்ததும் அழுத்தம் ஏறும், சுருள் மறுபடி இழுக்கும். கட்டுப்பாட்டுக் கணினி போதும் என்று கைவிடும்வரை அந்தத் தடுமாற்றம்தான் கேட்கும்.

டேஷ்போர்டு விளக்குத் திருவிழாவுக்குக் காரணமும் இதே சரிவுதான். பிரேக்கை மிதித்ததும் மின்பிரேக்கின் பம்ப் மின்சாரம் இழுக்கிறது, கணினிகள் ஒவ்வொன்றாக விழிக்கின்றன. நின்ற நிலையில் 10.9 வோல்ட் இருந்த பேட்டரி அந்த ஓரிரு நொடியில் 9, 8 என்று விழும். ஒவ்வொரு கணினிக்கும் தன் கீழ் எல்லை உண்டு. ஏபிஎஸ் கணினி தன் எல்லைக்குக் கீழே போனதும் வேலையை நிறுத்தித் தன் விளக்கை எரியவிடும். ஸ்டியரிங் கணினி அணைந்து மறுபடி எழும். அணைந்திருந்த அந்த அரை நொடியில் மற்றவை அதைக் கூப்பிட்டுப் பதில் வராமல், அதன் மேல் புகார் எழுதி வைக்கும். இதற்குப் பின் மெக்கானிக் ஸ்கேனரைச் செருகினால் குறியீடுகள் கொட்டும். ஏபிஎஸ் கணினியுடன் தொடர்பு அறுந்தது என்று U0121 வரலாம். அந்தக் கூட்டத்தில் P0562 அல்லது U3003 இருக்கிறதா என்றுதான் முதலில் தேட வேண்டும். அவை இரண்டும் சொல்வது 12 வோல்ட் மின்னழுத்தத்தைப் பற்றி. மற்றவை பெரும்பாலும் அதன் எதிரொலி. ஐந்து தனித்தனி அமைப்புகள் ஒரே காலையில் சேர்ந்து கெடுவது அபூர்வம். அவை பகிர்ந்துகொள்ளும் ஒன்று கெட்டிருப்பதே இயல்பு. இதைக் கவனிக்காமல் ஏபிஎஸ் யூனிட்டையே மாற்றிப் பில் போடுகிற இடங்களும் உண்டு.

இந்தப் பேட்டரி முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை? பெட்ரோல் காரில் சொல்லியிருக்கும். என்ஜினைச் சுற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு, இருநூறு ஆம்பியர் இழுக்கும். பேட்டரி தளரத் தொடங்கினால் சுற்றும் வேகம் குறைந்து, அந்த இழுவைச் சத்தத்திலேயே ஓட்டுநருக்குத் தெரிந்துவிடும். மின்காரில் ஸ்டார்ட்டர் இல்லை. விழிக்க முப்பது ஆம்பியர்போலச் சில நொடிகள் போதும். கொள்ளளவில் முக்கால் பங்கை இழந்த பேட்டரிகூட அந்தச் சின்னத் தேர்வில் தேறிவிடும். அதனால் அது நல்ல பேட்டரி போலவே நடந்துகொண்டு, ஒருநாள் ஒரேயடியாகக் கைவிடுகிறது.

தேர்வு சுலபம் என்பதால் அதன் வாழ்க்கையும் சுலபம் என்று நினைக்க வேண்டாம். சாதாரண கார் பேட்டரி ஒரே நேரத்தில் நிறையக் கொடுத்துவிட்டு உடனே நிரம்பிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. மின்காரில் அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. பூட்டிய வண்டியிலும் சாவியின் சிக்னலுக்குக் காத்திருக்கும் கருவி, மொபைல் ஆப்புக்குப் பதில் சொல்லும் கருவி, அலாரம் ஆகியவை தூங்குவதில்லை. அரைகுறைச் சார்ஜில் கிடக்கும் ஈயத் தகடுகளில் ஈய சல்ஃபேட் படிகங்கள் தடித்து இறுகும். இறுகிய பகுதி திரும்பச் சார்ஜ் ஏறாது. நம் ஊர் வெயில் இதைத் துரிதப்படுத்தும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது துறையில் புழங்கும் கணக்கு.

கொழும்பு வண்டியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பேட்டரி புதிதாக இருந்தபோது 45 ஆம்பியர்-மணி என்று கொள்ளலாம். ஐந்து வருடத்தில் 20-க்கு வந்துவிட்டது. பூட்டிய வண்டியின் இயல்பான இழுவை 30 மில்லிஆம்பியர். இது நாளொன்றுக்கு 0.7 ஆம்பியர்-மணி, இரண்டு வாரத்துக்குச் சுமார் 10. பழைய பேட்டரிகூட இதைத் தாங்கியிருக்கும். ஆனால் அவர் ஒரு டேஷ்கேம் மாட்டியிருந்தார். கடைக்காரர் அதன் வயரை எப்போதும் உயிரோடிருக்கும் ஃபியூஸில் இணைத்துவிட்டார். அது இழுப்பது 200 மில்லிஆம்பியர். இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு ஐந்தரை ஆம்பியர்-மணி ஆகிறது. இருபது ஆம்பியர்-மணி நான்கே நாளில் தீரும். புதுப் பேட்டரியே போட்டிருந்தாலும் எட்டு நாளைத் தாண்டியிருக்காது.

நிற்கும்போதே பெரிய பேட்டரியிலிருந்து சின்னதை அவ்வப்போது கொஞ்சம் நிரப்பிக்கொள்ளும் ஏற்பாடு லீஃப் உட்படப் பல மின்கார்களில் உண்டு. அது வண்டியின் சொந்த இழுவையைக் கணக்கில் கொண்டு அமைக்கப்பட்டது, வெளியே வாங்கிய டேஷ்கேமை அல்ல. அதோடு, நிரப்பும் நேரம் வரும்போது கான்டாக்டரை மூடவும் 12 வோல்ட் வேண்டும். நேரம் வருவதற்குள் பேட்டரி இறங்கிவிட்டால் அந்த ஏற்பாடும் ஊமையாகிவிடும். பெரிய பேட்டரியை 100 சதவீதம் ஏற்றி வைத்ததால் இந்த விஷயத்தில் ஒரு பலனும் இல்லை. வயரைச் செருகியே விட்டுப் போவதும் பல வண்டிகளில் உதவாது. சார்ஜ் முடிந்ததும் கான்டாக்டர் திறந்துவிடும்.

இனி அவர் செய்ய வேண்டியது எளிது. சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறந்து பானட்டைத் தூக்கலாம். வண்டியைத் தள்ள முயல வேண்டாம். லீஃபில் பார்க் பூட்டு மின்சாரத்தில் விடுபடுவது, 12 வோல்ட் இல்லாமல் சக்கரம் சுற்றாது. கைக்கடக்கமான ஜம்ப் ஸ்டார்ட் பெட்டி ஒன்றின் சிவப்பு கிளிப்பை 12 வோல்ட் பேட்டரியின் நேர்முனையிலும், கறுப்பு கிளிப்பை பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியிலும் மாட்டி, வழக்கம்போல பட்டனை அழுத்தினால் READY வந்துவிடும். ஆரஞ்சு நிற வயர்களின் பக்கம் கை போகக்கூடாது. அவை 390 வோல்ட் வயர்கள். முப்பது ஆம்பியர் பத்து நொடி என்று வைத்தால் இதற்குச் செலவாகும் ஆற்றல் சுமார் 1 வாட்-மணி. பேட்டரி பழசானாலும் உள்ளே கிடப்பது ஆயிரக்கணக்கான வாட்-மணி. குறைந்திருந்தது ஆற்றல் அல்ல, அந்தப் பத்து நொடிக்கு அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் வலு. READY வந்தபின் கன்வெர்ட்டர் பொறுப்பேற்றுக்கொள்ளும். எச்சரிக்கை விளக்குகளில் பெரும்பாலானவை தானாக அணையும், சில மட்டும் கொஞ்ச தூரம் ஓட்டியபின் போகும். தலைகீழாக, மின்காரிலிருந்து பக்கத்து வீட்டு பெட்ரோல் காரை ஜம்ப் செய்யலாமா என்று கேட்பார்கள். கூடாது. கன்வெர்ட்டர் ஸ்டார்ட்டர் மோட்டாரின் இழுவைக்காகச் செய்யப்பட்டதல்ல.

வண்டி கிளம்பிவிட்டது என்பதால் பிரச்சினை தீர்ந்தது என்று ஆகாது. காரணம் கன்வெர்ட்டரா, பேட்டரியா, திருட்டு இழுவையா என்று கண்டுபிடிக்க வேண்டும், அதற்குப் பெரும்பாலும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். முதலில் READY நிலையில் 12 வோல்ட் பேட்டரியின் முனைகளில் அளக்க வேண்டும். 13-க்கு மேல் காட்டினால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. 12.3 காட்டி, அதுவும் இறங்கிக்கொண்டே போனால் கன்வெர்ட்டரே கொடுக்கவில்லை என்று பொருள். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி வலுவிழக்கும், சர்வீஸ் சென்டருக்கு இழுத்துச் செல்வதே சரி. இந்த வகைக் கோளாறுக்கு அருகிலேயே உதாரணம் இருக்கிறது. சென்னைக்கு அருகே ஹூண்டாய் ஆலையில் பூட்டப்படும் ஐயோனிக் 5 கார்களில் 1,744 வண்டிகள் 2024 ஜூனில் திரும்ப அழைக்கப்பட்டன. அவற்றில் சார்ஜரையும் டிசி-டிசி கன்வெர்ட்டரையும் சேர்த்துச் செய்த ஐசிசியு என்ற பெட்டி பழுதாகி, 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடக்கூடும் என்பதே காரணம்.

கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால், பேட்டரியை வெளிச் சார்ஜரில் இரவு முழுக்க ஏற்ற வேண்டும். அரை மணி நேரம் ஓட்டுவது இதற்கு ஈடாகாது. அடியோடு இறங்கிய ஈய பேட்டரி மெதுவாகத்தான் வாங்கும். ஏற்றி முடித்துச் சில மணி நேரம் ஓய்வு கொடுத்து அளந்தால் நல்ல பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டும். 12.2 பாதி, 11.8 ஏறக்குறைய காலி. கார்க் கதவைத் திறந்தாலே கணினிகள் விழித்து அளவைக் குலைக்கும் என்பதால் பானட்டைத் திறந்து வைத்து, வண்டியைப் பூட்டிவிட்டு அளப்பது நல்லது. ஓய்வில் 12.6 காட்டிய பேட்டரி, ஹெட்லைட் போட்டதும் சடசடவென 11-க்குக் கீழே போனால் உள்ளே தகடுகள் போய்விட்டன, மாற்ற வேண்டியதுதான். ஹெட்லைட்டைத் தாங்குகிறது, ஆனால் மறுநாள் காலை 12-க்கு வந்து நிற்கிறது என்றால் எதுவோ திருட்டுத்தனமாக இழுக்கிறது. நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை எதிர்முனை வயரில் போட்டு, வண்டி தூங்க அரை மணி கொடுத்துப் பார்க்கலாம். 50 மில்லிஆம்பியருக்கு மேல் நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எதில் குறைகிறது என்று தேட வேண்டும். கொழும்புக்காரரின் டேஷ்கேம் இப்படித்தான் மாட்டும்.

நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. டெஸ்லா 2021 முதல் ஈய பேட்டரியை விட்டு லித்தியம் சின்ன பேட்டரிக்கு மாறியது. 2023 இறுதியில் வந்த சைபர்டிரக்கில் 12 வோல்ட்டுக்குப் பதில் 48 வோல்ட். அங்கும் சின்ன பேட்டரி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. எனக்குப் பிடித்தது ஹூண்டாய் ஐயோனிக் ஹைப்ரிட்டில் இருந்த தீர்வு. அதன் 12 வோல்ட் லித்தியம் பேட்டரி முழுதாக இறங்குமுன் தன்னைத் தானே துண்டித்துக்கொள்ளும். ஓட்டுநர் 12V BATT RESET என்ற பட்டனை அழுத்தினால் மிச்சம் வைத்திருந்ததைக் கொடுத்து வண்டியைக் கிளப்பும். ஒரு பட்டனும் ஒரு ரிலேயும் சேர்த்தால் முடிகிற இந்த வேலையை எல்லா மின்காரிலும் ஏன் செய்யவில்லை என்று கேட்பது நியாயம்தான்.

அதுவரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். இரண்டு வாரத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் கையேடு சொல்லும் முறைப்படி 12 வோல்ட் எதிர்முனையைக் கழற்றிவிடுங்கள், அல்லது சின்ன பேட்டரிக்கென்று விற்கும் பராமரிப்புச் சார்ஜரை மாட்டுங்கள். வண்டி READY-யில் இல்லாமல் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். பெரிய பேட்டரிக்கு எட்டு வருடம் வாரன்டி இருக்கலாம். சின்ன பேட்டரியை மூன்று அல்லது நான்கு வருடத்தில், அது நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும், மாற்றிவிடுங்கள். பழைய மின்கார் வாங்குகிறீர்கள் என்றால், பெரிய பேட்டரியின் ஆரோக்கியச் சதவீதத்தைக் கேட்கும் அதே மூச்சில், 12 வோல்ட் பேட்டரி எந்த வருடம் போட்டது என்றும் கேளுங்கள்.